டிவி செய்திக்கு வாய்ஸ் ஓவர் எழுதும்போது, திரையில் தெரிவதையே திருப்பிச் சொல்லாமல், ஆனால் காட்சியோடு ஒட்டியும் எழுதுவது எப்படி?

முதலில் காட்சியைப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். ரிப்போர்ட்டர் அனுப்பிய தகவலை மட்டும் வைத்து முழுசாக எழுதி முடித்து, "இதுக்கு விஷுவல் போடுங்க" என்று எடிட்டரிடம் கொடுத்தால் ஒட்டவே ஒட்டாது. நான் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓடவிட்டு, எந்த ஷாட் எத்தனை விநாடி என்று தாளில் குறித்துக்கொள்வேன், பக்கத்திலேயே அதைப் பார்க்கிறவருக்கு என்ன கேள்வி வரும் என்றும் எழுதுவேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் ஸ்கிரிப்ட்.

செம்பரம்பாக்கம் ஏரி திறப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று ஷாட்: மதகில் நுரைத்துப் பாயும் தண்ணீர் 8 விநாடி, தளும்பும் ஏரி 8 விநாடி, முழங்கால் தண்ணீரில் தலையில் மூட்டையோடு நடக்கும் ஒரு அம்மா 7 விநாடி. புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "மதகுகள் வழியாகத் தண்ணீர் சீறிப் பாய்கிறது. ஏரி கடல்போல் காட்சியளிக்கிறது. பொதுமக்கள் தண்ணீரில் நடந்து செல்கின்றனர்." எல்லாம் கண்ணுக்கே தெரிகிறதே!

நான் முதல் ஷாட்டில் இரண்டு விநாடி தண்ணீரின் இரைச்சலை மட்டும் விடுவேன். அப்புறம், எண்கள் மாதிரிக்குத்தான், "நேற்று மாலை வரை விநாடிக்கு 500 கன அடி. இன்று காலை முதல் 1,500." எது என்று சொல்லவே வேண்டாம், அது திரையில் பாய்ந்துகொண்டிருக்கிறது. ஏரி வந்ததும், "24 அடி ஆழமுள்ள இந்த ஏரியில் இப்போது 22 அடி. மழை தொடரும் என்பதால் நிரம்பும் முன்பே திறக்கிறார்கள்." அந்த அம்மா வரும்போது, "அடையாற்றுக் கரையில் திருமுடிவாக்கம். தெருவில் தண்ணீர் ஏறியதும் முகாமுக்குக் கிளம்பிவிட்டார்கள்." ஊர்ப் பெயரைக் காட்சி சொல்லாது, அதனால் நாம்தான் சொல்ல வேண்டும்.

"இந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். காட்சியையும் வார்த்தையையும் முடிச்சுப் போடுவது அதுதான், ஆனால் எடிட்டில் ஷாட் சில விநாடி முன்னால் வெட்டுப்பட்டால் "இந்த ஏரி" அந்த அம்மாவின் முகத்தில் போய் விழும். எடிட் முடிந்ததும் ஒவ்வொரு "இந்த", "இங்கே"யையும் நான் தனியாகச் சரிபார்ப்பேன்.

திருப்பிச் சொல்லக்கூடாது என்று ரொம்ப விலகிப்போவதும் தப்பு. அந்த அம்மா நடக்கும்போது தலைமைச் செயலகத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தைப் பற்றிப் பேசினால் ஒரு வார்த்தையும் காதில் ஏறாது, கண்தான் ஜெயிக்கும். கூட்டத்தை ஆங்கர் வாசிக்கும் முன்னுரைக்குத் தள்ளிவிடுங்கள்.

எழுதியதைப் படத்தைப் பார்க்காமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முழுசாகப் புரிந்தால் அது வானொலிச் செய்தி, இன்னும் வெட்டலாம். 30 விநாடிக் காட்சிக்கு 45 சொல்லுக்கு மேல் நான் எழுதுவதில்லை, நல்ல இயற்கைச் சத்தம் இருந்தால் 35.