ஆறுக்குப் பின் ஆறு

வணக்கம் ஐயா,

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டால் லயத்துக் காம்பராவில் லூடோதான். ஒரு ஆறு விழுந்ததும் அம்மா, "இனி ஆறு விழாது, அதன் பங்கு முடிந்துவிட்டது" என்பார். சாதாரண தரத்துக்குப் படிக்கும் மகளோ, அடுத்தடுத்து இரண்டு ஆறு விழும் நிகழ்தகவு 1/36 என்று பெருக்கிக் காட்டுகிறாள். இரண்டு தடவை வீசினால் வாய்ப்பு கூடத்தானே வேண்டும், ஏன் பெருக்கிக் குறைக்கிறாய் என்றால், சூத்திரம் அப்படித்தான் என்கிறாள். இதற்கிடையில் என் தம்பி மகன் மட்டும் தொடர்ந்து ஆறு போடுகிறான். யார் சொல்வது சரி?

வாசகி, தலவாக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் விடை சரி. ஆனால் சூத்திரம் அப்படித்தான் என்ற பதிலுக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.

ஒரு கொப்பியில் 360 வரிசை எழுதுவதாக நினையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் கட்டையை இரண்டு தடவை வீச வேண்டும். முதல் வீச்சில் ஏறக்குறைய 60 வரிசைகளில் ஆறு விழும். மற்ற 300 வரிசைகள் அத்தோடு தோற்றுவிட்டன. இரண்டாவது வீச்சில் என்ன விழுந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. மிஞ்சிய 60 வரிசைகளை மட்டும் பாருங்கள். அவற்றிலும் ஆறில் ஒரு பங்கில்தான், அதாவது பத்தில்தான், இரண்டாவது ஆறு வரும். 360-இல் 10 என்றால் 1/36. பெருக்கல் என்பது இங்கே பங்கிலிருந்து இன்னொரு பங்கு எடுப்பதுதான். நீங்கள் நினைத்தபடி வாய்ப்பு கூடுவதும் உண்டு. ஆனால் அது இரண்டு வீச்சில் குறைந்தது ஒரு ஆறு விழுமா என்ற வேறு கேள்விக்கு. அங்கே விடை 11/36.

அம்மாவின் பேச்சு அந்த 60 வரிசைகளைப் பற்றியது. முதல் ஆறு விழுந்தாகிவிட்டது, அடுத்ததற்கு வாய்ப்பு என்ன? அப்போதும் 1/6தான். எந்த முகம் எத்தனை தடவை வந்தது என்று பெயர் பதிய கட்டைக்குள் கங்காணி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு வீச்சுக்கும் முன்னாலிருந்து பார்த்தால் 1/36, முதல் ஆறு கண்முன் கிடக்கும்போது 1/6.

அந்த 60-இலும் அதே ஆறில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டோம் அல்லவா, கணக்கு நிற்பதே அதன்மேல்தான். முதல் வீச்சு எதுவாக இருந்தாலும் இரண்டாவதன் பங்கு மாறாது என்பதைத்தான் மகளின் புத்தகம் சாரா நிகழ்ச்சிகள் என்கிறது. மழையை எடுத்துக்கொண்டால் இது உடைந்துபோகும். கணக்குக்காக, 360 நாளில் 60 நாள் கனமழை என்று வைப்போம். இன்றும் நாளையும் கனமழை என்பது 1/36 ஆகுமா? தென்மேல் பருவக்காற்று பிடித்தால் உங்கள் பக்கம் மழை நாட்கள் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அந்த 60 நாட்களில் 30-க்கு மறுநாளும் கொட்டியிருந்தால் விடை 1/12. இங்கும் பெருக்கத்தான் செய்கிறோம், ஆனால் இரண்டாவது எண் 1/6 அல்ல, மழைக்கு மறுநாள் மழை வரும் பங்கான 1/2.

இனி உங்கள் தம்பி மகன். அவசரப்பட்டுக் குற்றம் சொல்லாதீர்கள். 360 வரிசையில் இரட்டை ஆறு சரியாகப் பத்து வர வேண்டும் என்றில்லை. 4-க்கும் 16-க்கும் இடையில் எது வந்தாலும் சாதாரணம்தான். 20-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். அப்போதும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மூலை தேய்ந்தோ ஒரு பக்கம் பாரமாகவோ இருக்கும் கட்டையில் ஆறு நாலில் ஒரு தடவை விழலாம். அப்போது இரட்டை ஆறு 1/16, 360-இல் 22 அளவில் வரும். கட்டை கோணல்தான், ஆனால் வீச்சுகள் ஒன்றையொன்று சாரவில்லை. பெருக்கல் அப்படியே நிற்கும். பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மற்றது கையின் வேலை: விழுந்த ஆறை அப்படியே மேல்முகமாக எடுத்து, உருட்டாமல், நாலு விரல் உயரத்திலிருந்து மெல்லப் போடுவது. அப்போது முதல் வீச்சு இரண்டாவதற்குள் நுழைந்துவிடுகிறது.

எது என்று கொப்பியே காட்டும். இரண்டாவது வீச்சுகளை இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் ஆறு விழுந்த வரிசைகள் ஒரு பக்கம், விழாதவை மறுபக்கம். இரு பக்கமும் ஆறு நாலில் ஒன்று என்றால் கட்டையில் கோளாறு. ஆறு விழுந்த பக்கம் மூன்றில் ஒன்று, மறுபக்கம் வழக்கமான ஆறில் ஒன்று என்றால் கையில் கோளாறு. 360 வரிசைக்குப் பொறுமை இல்லையென்றால், கட்டையை ஒரு சிரட்டையில் போட்டு நன்றாகக் குலுக்கிக் கவிழ்க்கும்படி அவனிடம் சொல்லுங்கள்.