பல்செட் போட்ட பாட்டிக்குத் தொண்டையில் சோறு ஒட்டுவது ஏன்?

"சாட்ஸ்வொர்த்தில் பாட்டிக்கு 78 வயது. தொண்டையில் சோறு ஒட்டுகிறதாம், சாப்பிடவே மாட்டேன் என்கிறார். தொண்டைக் கோளாறா?"

முதலில் பல்செட்டைக் கழற்றி, டார்ச் அடித்து ஈறைப் பாருங்கள். கீழ்செட்டின் விளிம்பு உரசும் இடத்தில் புண் இருந்தால், வலிக்குப் பயந்து சரியாக மெல்லாமலே விழுங்குவார். எச்சிலும் குறைவென்றால் அந்தக் கவளம் ஒட்டத்தான் செய்யும். அலர்ஜி, மனச்சோர்வு மாத்திரைகள் பல வாயை வறட்டும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

புண் ஆறும்வரை செட் சாப்பாட்டுக்கு மட்டும் போதும். இரவில் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கட்டும். பருப்பு விட்டுக் குழைத்த சோறும் டீயில் ஊறிய ரஸ்க்கும் இறங்கும். செட்டை வீட்டில் அரத்தால் தேய்க்கவே கூடாது, அப்புறம் பொருந்தாது. பல் டாக்டர் விளிம்பைச் சீவித் தருவார். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணும், தண்ணீர் குடித்தாலே புரையேறுவதும் வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.