உடலுக்குள் இருக்கும் கருவி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சைபர்பங்க் கதைகளில் மெகா கார்ப்பரேஷன்கள், இயந்திர உறுப்புகள், தெருவில் திரியும் கலகக்காரர்கள் என்று ஒரே மாதிரி வருகிறதே, இதற்கெல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, அல்லது வெறும் ஸ்டைல்தானா?

நீங்கள் ஏதோ ஒரு விளையாட்டையோ படத்தையோ பார்த்து, நியான் விளக்கும் மழையும் உலோகக் கைகளும் சலித்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சலிப்பு நியாயமானதுதான். ஆனால் எனக்கு இது வேறு விதத்தில் உறைக்கும் கேள்வி. என் காதுக்குள் ஒரு நிறுவனத்தின் பொருள் இருக்கிறது.

முதலில் கதையைப் பார்த்துவிடுவோம். இந்த வகையின் அடித்தளம் என்று பலரும் சொல்லும் நாவல் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்', 1984. அதன் நாயகன் கேஸ், கணினிகளுக்குள் நுழைந்து தகவல் திருடுபவன். தன்னை வேலைக்கு வைத்தவர்களிடமே கைவைத்துவிடுகிறான். அவர்கள் அவனைக் கொல்வதில்லை. ஒரு நச்சைச் செலுத்தி, அவனது தொழிலுக்கு வேண்டிய நரம்புகளை மட்டும் சிதைத்துவிடுகிறார்கள். பிறகு இன்னொருவன் வந்து, வேலைக்கு வருவதாக இருந்தால் நரம்புகளைச் சரிசெய்துதருகிறேன் என்கிறான். அறுவை சிகிச்சையும் நடக்கிறது. அது முடிந்த பிறகுதான் செய்தி வருகிறது: அவனது தமனிகளின் உட்சுவரில் சிறு நச்சுப் பைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை மெல்லக் கரைந்துகொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பது அதே பழைய நச்சு. வேலையை முடித்தால் பைகளைப் பாதுகாப்பாக விடுவிக்கும் மருந்து கிடைக்கும், இல்லாவிட்டால் பழைய நிலைதான்.

என்னைக் கேட்டால், இந்த வகைக் கதைகளின் கவலை முழுவதும் அந்தப் பைகளில் இருக்கிறது. உடலை மேம்படுத்துவது அங்கே வரமும் இல்லை, சாபமும் இல்லை. அது ஓர் ஒப்பந்தம். அதன் விதிகளை எழுதியவர் வேறொருவர். "இயந்திரம் கலந்தால் மனிதத்தன்மை போய்விடும் என்பதுதானே பயம்?" என்று யாராவது கீழே எழுதக்கூடும். அப்படிப்பட்ட கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. எனக்கு அவை சற்றுச் சோம்பேறித்தனமாகத் தோன்றுகின்றன. செயற்கை உறுப்போடு வாழும் யாரும் காலையில் எழுந்து "நான் இன்னும் மனிதன்தானா?" என்று யோசிப்பதில்லை. பேட்டரி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

எனக்குக் காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு பாகங்கள். தோலுக்கு அடியில், காது நத்தை எலும்புக்குள் மின்முனைகளோடு ஒரு பாகம். இது அறுவை சிகிச்சையில் வைத்தது, ஆயுளுக்கும் இருக்க வேண்டியது. வெளியே காதுமேல் மாட்டிக்கொள்ளும் பிராசஸர் இன்னொன்று. அது ஒலியை வாங்கி, சமிக்ஞையாக மாற்றி, தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் போனால் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவுக்கு மேல் தாங்காது என்பதைச் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் அளந்து பதிவார். இதற்கு மேப்பிங் என்று பெயர். அதற்கான மென்பொருள் நிறுவனத்துடையது. ஒரு நிறுவனத்தின் உள்பாகத்தோடு இன்னொரு நிறுவனத்தின் பிராசஸர் பேசாது. ஆகவே கடையை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றுவதென்றால் மண்டையைத் திறக்க வேண்டும்.

என் பிராசஸரின் கேபிள் போயிற்று. கேட்டால், அந்த மாடலுக்கான சேவை முடிந்துவிட்டது, உதிரிபாகம் தயாரிப்பதில்லை என்றார்கள். புது மாடல் என் உள்பாகத்தோடு வேலை செய்யுமாம், ஆனால் முழுதாக வாங்க வேண்டுமாம். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார் (நான் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்). கெட்டவர்கள் என்று அங்கே ஒருவரும் இல்லை. கிப்சன் தன் நாவலில் பெருநிறுவனங்களைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: முக்கிய அதிகாரிகளைக் கொன்றாலும் அந்த உயிரினம் சாகாது, அந்த நாற்காலிக்கு அடுத்தவர் காத்திருக்கிறார். மெகா கார்ப்பரேஷன் பயமுறுத்துவது அதன் கோபுரங்களால் அல்ல. கோபப்பட அங்கே ஒரு முகம் இல்லை என்பதால்தான்.

இப்படிச் சொன்னால் நன்றிகெட்டவன் என்பார்கள். அந்தக் கருவி இல்லாவிட்டால் என் மகளின் குரலே எனக்குத் தெரிந்திருக்காது. நிறுவனங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

என்னுடையதாவது வெறும் கேபிள். அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை விற்றது. கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு சிறு கணினி, விழித்திரைமீது 60 மின்முனைகள். முழுப் பார்வை கிடைக்காது. வாசல் எங்கே, நடைபாதையின் விளிம்பு எங்கே என்று காட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும். 2013இல் அங்கே அனுமதி கிடைத்தது. உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019இல், மூளையில் பொருத்தும் அடுத்த கருவியில் கவனம் செலுத்துவதாகச் சொல்லி நிறுவனம் இதைக் கைவிட்டது. 2020இல் பணம் தீர்ந்து பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவி பழுதானவர்களுக்குப் பழுதுபார்க்க ஆள் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. கேஸின் நச்சுப் பையை ஒருவன் வேண்டுமென்றே வைத்தான். இங்கே ஒருவருக்கும் தீய எண்ணம் இல்லை, கணக்குப் புத்தகம் மட்டும்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்கள் பெருநிறுவனங்கள் அழியாமல் இருப்பதை நினைத்துப் பயந்தார்கள். உடலுக்குள் கருவியை வைத்துவிட்டு அழிந்துபோகும் சிறு நிறுவனம் அவர்கள் கற்பனைக்கு அவ்வளவாக எட்டவில்லை.

இடையில் ஒரு புலம்பல். இந்த வகைப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தால், வசன வரிகளில் பாதி நேரம் 'இசை' என்று மட்டும் போடுகிறார்கள். கிசுகிசுப்பில் சதி நடக்கிறது, எனக்கு 'இசை'. செவித்திறன் குறைந்தவர்களும் இயந்திர உடல் கதைகளைப் பார்ப்பார்கள் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை?

சரி, தெருக் கலகக்காரர்கள். இவர்களைப் புரட்சியாளர்கள் என்று எடுத்துக்கொண்டால் கதைகள் புரியாது. கேஸும் அவன் கூட்டாளி மோலியும் கூலிக்கு வேலை செய்பவர்கள். உலகத்தைத் திருத்தும் திட்டம் எதுவும் அவர்களிடம் கிடையாது. ஒருவர் செய்து வைத்த பொருளை அவர் நினைக்காத விதத்தில் பயன்படுத்தும் சாமர்த்தியம்தான் அவர்களது கலகம்.

நிஜத்தில் இதற்கு மிக நெருக்கமானவர்கள் சர்க்கரை நோயாளிகள். சில பழைய இன்சுலின் பம்புகளின் ரேடியோத் தொடர்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. வெளியார் கட்டளை அனுப்ப முடியும். நோயாளிகள் சிலர் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, சர்க்கரை அளவிடும் சென்சாரையும் பம்பையும் இணைத்து, இன்சுலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் மென்பொருளை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி 2015இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். நிறுவனங்களின் தானியங்கிக் கருவி சந்தைக்கு வரும்வரை காத்திருக்க அவர்கள் தயாராக இல்லை. விளைவாக, ஓட்டை உள்ள பழைய பம்புக்குத்தான் கிராக்கி இருந்தது. 2019இல் அதே ஓட்டைக்காக அந்த மாடல்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அதிகாரிகள் சொன்ன ஆபத்தும் பொய் இல்லை. நல்லவன் நுழையும் வழியில் கெட்டவனும் நுழையலாம். பிறகு 2023இல், இந்தச் சமூகம் எழுதிய மென்பொருள்களில் ஒன்றிலிருந்து வளர்ந்த செயலிக்கு அமெரிக்காவில் முறையான அனுமதியே கிடைத்தது.

"அப்படியானால் நீங்களும் உங்கள் கருவியை உடைத்துத் திறக்கலாமே?" என்று கேட்பார்கள். மாட்டேன். மேப்பிங்கில் ஓர் எண் தவறினால் தாங்க முடியாத மின்சாரம் நேராகச் செவி நரம்புக்குப் போகும். பம்புக்காரர்களுக்கு இருந்த துணிச்சல் எனக்கில்லை. புது மாடலுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் சேவை எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.