விழிஞம்–ஃப்ரீமேண்டில்: அந்த 13 கடல் மைலில் ஒன்பது எங்கிருந்து வந்தது?

கேள்வி: நான் பாறசாலையிலிருந்து கப்பல் அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறேன். விழிஞத்திலிருந்து ஃப்ரீமேண்டிலுக்கு ரம்ப் லைன் தூரம் 3299 கடல் மைல், பெருவட்டத் தூரம் 3286 கடல் மைல் என்று விடை வருகிறது. வித்தியாசம் 13 தானா? இதற்காகவா பெருவட்டத்தை இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வேண்டும்?

பதில்:

உண்மையான வித்தியாசம் அந்த 13 கூட இல்லை. நான்கு கடல் மைலுக்கும் குறைவு. ரம்ப் லைன் என்பது திசை மாறாமல் ஓடும் பாதை, பெருவட்டம் என்பது உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை. நான் களியக்காவிளையைச் சேர்ந்தவன். செகண்ட் மேட்டாக இருந்த ஆண்டுகளில் பயணத் திட்டம் போடுவதே என் வேலையாக இருந்தது என்பதால், உங்கள் விடையைப் பார்த்ததுமே பிழை எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது.

நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய இடங்கள் விழிஞம் 8° 22′ வடக்கு, 77° 00′ கிழக்கு. ஃப்ரீமேண்டில் 32° 03′ தெற்கு, 115° 44′ கிழக்கு. பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையில் சொன்னால் அட்சரேகை வித்தியாசம் 2425 கலை, தீர்க்கரேகை வித்தியாசம் 2324 கலை. பெருவட்டத் தூரத்தைக் கீழே உள்ள முதல் வரியால் கண்டுபிடித்திருப்பீர்கள். ரம்ப் லைனுக்கு அடுத்த இரண்டு வரிகள் போதும். இவற்றில் φ அட்சரேகை, λ தீர்க்கரேகை, C திசைக்கோணம், d பெருவட்டத் தூரம், D ரம்ப் லைன் தூரம். ΔM என்பது இரு இடங்களின் மெரிடியனல் பார்ட்ஸ் எண்களின் வித்தியாசம், அதாவது மெர்கேட்டர் வரைபடத்தில் நிலநடுக்கோட்டிலிருந்து அந்தந்த அட்சரேகை இருக்கும் தூரத்தைக் காட்டும் எண்களின் வித்தியாசம். இரு துறைமுகங்களும் நிலநடுக்கோட்டின் இருபுறமும் இருந்தால் அந்த எண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

```
cos d = sin φ1 · sin φ2 + cos φ1 · cos φ2 · cos Δλ
tan C = Δλ / ΔM
D = Δφ / cos C
```

முதல் வரி பூமியை முழு உருண்டையாகக் கொள்கிறது. ஆனால் அட்டவணைப் புத்தகங்களில் வழக்கமாக அச்சிடப்படும் மெரிடியனல் பார்ட்ஸ், துருவங்களில் சற்றுத் தட்டையான பூமிக்கானவை. அவற்றை எடுத்தால் ΔM ஏறக்குறைய 2520 ஆகும், தூரம் 3299 என்று வரும். முழு உருண்டைக்கான எண்களை நாமே கணக்கிட்டால் விழிஞத்துக்கு 503.8, ஃப்ரீமேண்டிலுக்கு 2031.9, கூட்டினால் 2535.7 கிடைக்கிறது, திசைக்கோணம் 137.5°, தூரம் 3289.4. பெருவட்டத் தூரம் 3285.9 என்பதால் மீதப்படுவது 3.5 கடல் மைல் மட்டுமே. மற்ற ஒன்பதும் ஒரு தூரத்தை உருண்டையிலும் மற்றதைத் தட்டைப் பூமியிலும் அளந்ததால் உண்டான பொய்க்கணக்கு. இரண்டு பாதைகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே பூமியில் அளக்க வேண்டும் என்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன், ஏனென்றால் இந்தப் பிழை பார்வைக்கு நியாயமான விடையாகவே தோன்றும்.

இந்த வழியில் மிச்சம் இவ்வளவு சொற்பமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டின் மேலும் தீர்க்கரேகையின் மேலும் செல்லும்போது ரம்ப் லைனும் பெருவட்டமும் ஒன்றேதான். அட்சரேகை உயர உயர, பாதை கிழக்கு மேற்காகச் சாயச் சாயத்தான் இரண்டும் பிரிகின்றன. நம் பாதையோ நிலநடுக்கோட்டைத் தாண்டித் தென்கிழக்காக இறங்குகிறது. ஆகவே நம் கரையிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்துப் பெருவட்டத்தை எடைபோட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதே கணக்கை யோகோஹாமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போட்டுப் பாருங்கள். டோக்கியோ விரிகுடாவின் வெளியே 34° 50′ வடக்கு, 139° 50′ கிழக்கிலிருந்து, சான் பிரான்சிஸ்கோ நுழைவாயிலுக்கு வெளியே 37° 45′ வடக்கு, 122° 40′ மேற்கு வரை என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஓர் இடம் கவனிக்கத் தக்கது. தீர்க்கரேகை வித்தியாசம் பசிபிக் பக்கமாக 97.5°, தேதிக்கோட்டை மறந்து இரு எண்களையும் வெறுமனே கூட்டினால் 262.5° ஆகிவிடும். இரண்டுக்கும் கொசைன் ஒன்றே என்பதால் பெருவட்டச் சூத்திரம் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காமல் சரியான விடையையே தரும். ரம்ப் லைன் கணக்கு மட்டும் ஏறக்குறைய 12,700 கடல் மைல் என்று போய் நிற்கும். ஒன்று சரியாக வந்திருக்கிறதே என்று நம்பி மற்றதில் வேறு பிழையைத் தேடிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

சரியாகப் போட்டால் ரம்ப் லைன் 4717 கடல் மைல், பெருவட்டம் 4478 கடல் மைல். மிச்சம் 239, பதினான்கு நாட் வேகத்தில் ஓடும் கப்பலுக்கு அது பதினேழு மணி நேரம். ரம்ப் லைனில் போனால் முழு வழியும் 088° என்ற ஒரே திசை. பெருவட்டத்திலோ 054° என்று வடகிழக்காகப் புறப்பட்டு, 168° 44′ மேற்கில் 48° 08′ வடக்கு என்ற உச்சியைத் தொட்டு, 122° என்று தென்கிழக்காக இறங்கிச் சேர வேண்டும். சுக்கானை நொடிக்கு நொடி திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து பாகை தீர்க்கரேகைக்கு ஒரு புள்ளி குறித்து, புள்ளிக்குப் புள்ளி ரம்ப் லைனில் ஓட்டினால் மொத்தமாக இழப்பது மூன்று கடல் மைல் அளவுதான்.

ஆனால் அந்த உச்சி, குளிர்காலத்தில் வட பசிபிக்கின் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும் கடலில், அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறது. அங்கே பெரிய அலைகளில் இரண்டு நாட் வேகம் இரண்டு நாள் குறைந்தாலே 96 கடல் மைல் போய்விடும். சரக்குக்கும் கப்பலுக்கும் வரும் சேதம் வேறு. மேற்கு நோக்கித் திரும்பும் கப்பலுக்கு அந்த அலைகள் முகத்திலேயே மோதும் என்பதால், போகும்போது பொருந்திய பாதை வரும்போது பொருந்தாமல் போவதும் உண்டு.

இதற்கு மாலுமிகள் கைக்கொள்வது காம்போசிட் பாதை. இதற்கு மேல் வடக்கே போவதில்லை என்று ஓர் அட்சரேகையை முடிவு செய்து, அதைத் தொட்டு நிற்கும் ஒரு பெருவட்டத்தில் ஏறி, அந்த அட்சரேகை மேலேயே கிழக்காக ஓடி, மற்றொரு பெருவட்டத்தில் இறங்குவது. எல்லையை 44° வடக்கு என்று வைத்தால் ஏறுவதற்கு 2081, நடுவில் 730, இறங்குவதற்கு 1692, மொத்தம் 4503 கடல் மைல். நான்கு பாகை தெற்கே தள்ளி ஓடுவதற்கு நாம் கொடுக்கும் விலை வெறும் 25 கடல் மைல். ரம்ப் லைனைவிட இன்னும் 214 குறைவு. எல்லையை 40°க்கு இறக்கினால் 4581 ஆகிறது, அப்போதும் 136 மிச்சம். பெருவட்டத்தின் உச்சிப்பகுதி தட்டையாக இருப்பதால் அதைச் சற்றுச் சீவினாலும் தூரம் அதிகம் கூடுவதில்லை. கீழே வர வரத்தான் ஒவ்வொரு பாகையும் கனக்கிறது. பெருவட்டத்தைப் படிக்க வைப்பது இந்தப் பேரத்தைக் கணக்கோடு செய்யத்தான் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் ஃப்ரீமேண்டில் பயணத்துக்கோ தாராளமாக 137.5° என்று ஒரே கோடு இழுத்துவிடலாம். அது காலித் துறைமுகத்துக்கு மேற்கே ஏறக்குறைய அறுபது கடல் மைல் தள்ளி, இலங்கைக் கரையைத் தொடாமல் தெற்கே இறங்கிவிடும்.