இரவில் ஒரு டிவி, இரண்டு ஹெட்போன்: கேள்வி பதில்

"பாப்பா தூங்கின பிறகு நானும் கணவரும் படம் பார்ப்போம். டிவியில் என் ப்ளூடூத் ஹெட்போன் சேர்ந்துவிட்டது. அவருடையதைச் சேர்த்தால் என்னுடையது கழன்றுவிடுகிறது. டிவியில் கோளாறா அண்ணா?"

கோளாறு இல்லைம்மா. நம் வீடுகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு டிவிகளில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு ஹெட்போனுக்குத்தான் ஒலி அனுப்பும். பட்டியலில் நாலு பெயர் தெரிந்தாலும் பேச்சு ஒன்றோடுதான். சாம்சங், எல்ஜியில் சில மாடல்கள் இரண்டுக்கும் அனுப்பும். உங்கள் டிவி அப்படி இல்லையென்றால், இரண்டு ஹெட்போன் சேரும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்குங்கள். டிவியின் ஒலியை ஹெட்போன்களுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது. டிவியின் ஆப்டிகல் துளையிலோ ஹெட்போன் துளையிலோ அதைச் செருக வேண்டும்.

அந்தப் பெட்டியோடு சேர்க்கும் முன் டிவியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து இரண்டு ஹெட்போனையும் நீக்கிவிடுங்கள். போனிலும் ப்ளூடூத்தை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போன் பழைய இடத்துக்கே ஓடும். முதல் ஹெட்போன் சேர்ந்ததும், பல பெட்டிகளில் சேர்க்கும் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் இரண்டாவதைத் தேடும். இங்கேதான் நிறையப் பேர் 'இரண்டாவது சேரவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

"என் ஹெட்போன் ப்ளூடூத் 5.3. ஒரே நேரத்தில் இரண்டு சாதனத்தோடு சேரும் என்று போட்டிருக்கிறது. அப்புறம் எதற்குத் தனிப் பெட்டி?"

நீங்கள் படித்தது சரி, ஆனால் அது எதிர்த்திசை. உங்கள் ஒரு ஹெட்போன் போனோடும் லேப்டாப்போடும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே வேண்டியது ஒரு டிவியின் ஒலி இரண்டு ஹெட்போனுக்குப் பிரிவது. அனுப்பும் பக்கம் அதைச் செய்யாவிட்டால் ஹெட்போனின் பதிப்பு எண் உதவாது.

"டிரான்ஸ்மிட்டரை ஆப்டிகலில் போட்டேன். கேபிள் முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது. யூடியூபில் சத்தம் வருகிறது, ஓடிடி படத்தில் வருவதில்லை. பெட்டி போலியா?"

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். யூடியூபில் வருகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. அது சாதாரண ஸ்டீரியோவாக வருகிறது. ஓடிடி படம் பெரும்பாலும் டால்பியில் வரும், டிவி அதைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிடுகிறது. இந்தச் சின்னப் பெட்டிகளில் பலவற்றுக்கு டால்பி புரியாது. ஒலி அமைப்பில் Digital Audio Output போன்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அதில் Auto என்று இருப்பதை PCM என்று மாற்றுங்கள், டிவியே ஒலியைப் பிரித்துச் சாதாரணமாக அனுப்பும். எங்கள் வீட்டில் மாற்றிய நொடியே வசனம் கேட்டது.

ஆப்டிகலில் போட்டால் பல டிவிகளில் ரிமோட் ஒலி அளவை மாற்றாது. இது நல்லதுதான். அவரவர் ஹெட்போனில் அவரவர் அளவு வைத்துக்கொள்ளலாம்.

"சத்தம் வருது சார், ஆனா உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். டிவி அமைப்பில் ஒலித் தாமதத்தை கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாச்சு."

கூட்டினால் ஒலி இன்னும் பின்னுக்குத்தான் போகும். ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறதே. முதலில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டிவியின் சொந்த ப்ளூடூத்தில் சேர்த்தால் ஒலி தாமதமாகும் என்று டிவிக்குத் தெரியும், பல டிவிகள் படத்தையும் சற்று நிறுத்தி வைத்து ஈடுகட்டும். வெளிப்பெட்டி இருப்பதே டிவிக்குத் தெரியாது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி முறையில் ஒலி சுமார் 200 மில்லிசெகண்ட் பின்தங்கலாம். தாமதம் குறைந்த ஏப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி முறை என்றால் 40 அளவுக்கு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெட்டி, ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஹெட்போன் அட்டையில் வெறும் ஏப்டிஎக்ஸ் என்று போட்டிருந்தால் அது வேறு, போதாது.

எங்கள் வீட்டில் என் ஹெட்போனில் அது இருந்தது, மனைவியுடையதில் இல்லை. கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படும் சத்தம் எனக்குச் சரியாக வந்தது, அவருக்குப் பந்து நகர்ந்த பிறகு வந்தது. ஒரே காட்சிக்கு நான் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். கடைசியில் ஒரே மாடலில் இரண்டு வாங்கினோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பென்டிரைவில் படம் பார்ப்பவர்கள் விஎல்சியில் ஒலியை முன்னுக்கு நகர்த்தலாம். ஓடிடி செயலிகளுக்கு அந்த வழி சரிவராது.

"அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கு மட்டும் ஹெட்போன், எங்களுக்கு ஸ்பீக்கர். இதற்கும் இதே பெட்டியா?"

பெட்டி இதேதான், துளையில்தான் விஷயம். ஹெட்போன் துளையில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஆப்டிகலில் சில டிவிகள் இரண்டையும் ஒலிக்க விடும், சில விடாது. உங்கள் டிவியின் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் ஸ்பீக்கரும் ஆப்டிகலும் ஒரே வரியில் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

"கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தால் விட்டு விட்டுக் கேட்கிறது அண்ணா."

பெட்டி டிவிக்குப் பின்னால் தொங்குகிறதா? டிவியின் உலோகமும் உங்கள் உடம்பும் சேர்ந்து அலையை மறைக்கின்றன. நீளமான கேபிள் போட்டுப் பெட்டியை டிவிக்கு முன்னால் மேசைமேல் வையுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் டிவியை 5க்கு மாற்றிவிடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் எந்தப் பக்கம் திரும்பும்போது அறுகிறது என்று எழுதுங்கள், பார்ப்போம்.