ரவுட்டர் விளக்குகள் மினுக்கி இணைப்பு அறுந்தால் எங்கிருந்து தொடங்குவது?

"வீட்டு வைஃபை ரவுட்டரின் விளக்குகள் திடீர் திடீரென்று மினுக்குகின்றன. இணையம் போகிறது, தானாகவே வருகிறது. மின்சாரக் கோளாறா, சூடா, கேபிளா? எதை முதலில் பார்ப்பது?"

அடாப்டரைத்தான் முதலில் பாருங்கள். ஆனால் கழற்றுவதற்கு முன், இணைப்பு அறும் அந்த நிமிடத்தில் எந்த விளக்கு என்ன செய்கிறது என்று கவனித்துவிடுங்கள். வைஃபை, லேன் விளக்குகள் தரவு போய்வரும்போது மினுக்குவது இயல்பு. எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தால் ரவுட்டரே அணைந்து மறுபடி தொடங்குகிறது என்று அர்த்தம். பவர் விளக்கு நிலையாக எரிந்து, இணைய விளக்கு மட்டும் அணைந்தாலோ சிவந்தாலோ, சிக்கல் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கும்.

அருகில் நின்று பார்க்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறந்தால் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) நிலைப் பக்கத்தில் Uptime என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அணைக்காதபோதும் அந்த நேரம் சில நிமிடங்களையே காட்டினால், ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகியிருக்கிறது.

என் அக்கா வீட்டில் இதே தொல்லை இருந்தது. பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் எல்லோரும் காணொளி பார்க்கத் தொடங்கியதும் எல்லா விளக்குகளும் அணைந்து எரியும். ரவுட்டர் போய்விட்டது என்று புதிதாக வாங்கவே தயாராகிவிட்டார்கள். அடாப்டரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தபோது சரியாக 12 வோல்ட் காட்டியது. பலரும் இந்த இடத்தில்தான் அடாப்டர் நல்லது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். சுமை இல்லாதபோது பழுதான அடாப்டர்கூடச் சரியான அளவைக் காட்டும். மின்முனையை இரண்டாகப் பிரிக்கும் ஒயரைப் போட்டு, ரவுட்டர் ஓடும்போதே அளந்தோம். வோல்ட் 10-க்கும் கீழே இறங்கி ஊசலாடியது. வேறு அடாப்டரை மாற்றியதோடு தொல்லை நின்றது.

காரணம் இதுதான். அடாப்டருக்குள் இருக்கும் மின்பகுப்புக் கெபாசிட்டர்கள் வெப்பத்தில் நாளடைவில் வறண்டு திறன் இழக்கின்றன. பல கருவிகள் ஒரே நேரத்தில் வேலை வாங்கும்போதும், யுஎஸ்பி துளையில் வன்தட்டு செருகியிருக்கும்போதும் ரவுட்டர் கூடுதல் மின்னோட்டம் கேட்கிறது. தளர்ந்த அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் சரிகிறது, ரவுட்டர் அணைகிறது.

மல்டிமீட்டர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. பொருத்தமான வேறு அடாப்டரை ஒரு நாள் போட்டுப் பார்ப்பதே போதிய சோதனை. வோல்ட் அளவு பழைய அடாப்டரில் அச்சிட்டிருப்பதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். ரவுட்டர் தனக்குத் தேவையானதைத்தான் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருக்கக் கூடாது. முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் சிறிய வட்டப் படமும் ஒத்துப்போக வேண்டும். முனை தளர்வாக உட்கார்ந்தால் லேசாக அசைத்தாலே அணையும், அதையும் பாருங்கள்.

அடுத்தது சூடு. வீட்டு ரவுட்டர்கள் பலவும் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. மூடிய அலமாரியிலோ தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ வைத்தால் உள்ளே அதைவிட ஏறிவிடும். அரைமணி நேரம் அணைத்து ஆறவிட்ட பிறகு நெடுநேரம் நன்றாக ஓடி, அணைத்த உடனே போட்டால் சீக்கிரமே அறுந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். காற்றுத் துளைகளின் தூசியைத் தட்டி, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். அடாப்டரையும் துணிக்கு அடியில் விடாதீர்கள். அதன் ஆயுளைக் குறைப்பதே வெப்பம்தான்.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் கேபிளுக்கு வருவேன். லேன் கேபிளின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் அது மெல்ல வெளியே நழுவும்; வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ் விளக்கு சிவந்தால் ஒளி வந்து சேரவில்லை. கம்பி எங்காவது இறுக்கமாக மடிந்திருக்கிறதா என்று பார்த்து நேராக்கலாம். முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது.

கடைசியாக, விண்டோஸ் கணினியை லேன் கேபிளில் இணைத்து, இந்த இரண்டையும் தனித்தனிக் கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்களில் ஓட விடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் முகவரி உங்கள் ரவுட்டருடையதாக இருக்கட்டும். இரண்டாவது வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வருடையது. இணைப்பு அறும்போது முதலாவது பதில் தந்துகொண்டே இருந்து இரண்டாவது மட்டும் நின்றால், சிக்கல் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் தடத்தில். அறுந்த நேரங்களைக் குறித்துவைத்து அவர்களிடம் சொல்லுங்கள். தடத்தைச் சோதிக்க அது உதவும்.