ஒருநாள் நகை: வாடகைக்கா, விலைக்கா?

தங்கையின் கல்யாண வரவேற்புக்கு மட்டும் ஒரு பெரிய கல் ஆரம் வேண்டும். "வாடகை தண்டம், வாங்கிப் போட்டுவிட்டு விற்றுவிடலாம்" என்கிறார் கணவர். சரிதானா?

விற்கும்போது எவ்வளவு திரும்பி வரும் என்று பார்த்துவிட்டால் விடை கிடைத்துவிடும். தங்க ஆரத்தின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் தங்கம் 70. மீதி 30 கல், செய்கூலி, சேதாரம், வரி. திரும்ப விற்கும்போது பெரும்பாலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள். மறுநாளே கொண்டுபோனாலும் 70-க்குச் சற்றுக் குறைவாகத்தான் கைக்கு வரும். அந்த ஒரு மாலைக்கு ஆன செலவு 30-க்கு மேல். வாடகையும் காப்பீடும் சேர்ந்து 10 பங்கு என்றால், வாடகைதான் மலிவு.

கல் இல்லாத கெட்டிச் சங்கிலி என்றால் கதை வேறு. அதில் தங்கம் 90 இருந்தால் இழப்பும் சுமார் 10-தான். அதை வாங்கிவிடுங்கள், பிறகும் போடலாம். முலாம் பூசிய நகைக்கு மறுவிற்பனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வாடகை அதன் விலையில் பாதியைத் தொட்டால் நான் வாங்கத்தான் சொல்வேன்.

டெபாசிட் கட்டியாகிவிட்டது. நகை தொலைந்தால் அதோடு போகும், அவ்வளவுதானே?

இப்படி நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெபாசிட் கடைக்காரர் கையில் இருக்கும் பிடிமானம் மட்டுமே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை உங்கள் பொறுப்பு நகையின் முழு மதிப்பு வரை போகலாம்.

ஒரு செட் 100 பங்கு, டெபாசிட் 40, அதில் காதணி ஜோடி மட்டும் 15 என்று வையுங்கள். ஒரு காதணி தொலைகிறது. ஜோடி விலை என்று எழுதியிருந்தால் 15 பிடித்துக்கொண்டு 25 திரும்ப வரும். "செட்டில் ஒரு பகுதி தொலைந்தாலும் முழு செட்டின் விலை" என்று எழுதியிருந்தால் 40-ம் போய், இன்னும் 60 கட்டவேண்டியிருக்கும். அதனால் ஆரம், காதணி, வளையல் ஒவ்வொன்றின் மதிப்பையும் தனித்தனியாக ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "அன்றைய புதிய விலை" என்ற வரி இருந்தால், அதை அடித்து ஒரு தொகையைக் குறிக்கக் கேளுங்கள். பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

திருப்பிக் கொடுத்தபோது இரண்டு கல் இல்லை என்று டெபாசிட்டில் பிடித்துவிட்டார்கள். முன்பே விழுந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் பக்கம் பேச ஆதாரம் இல்லை. இனி வாங்கும்போதே பாருங்கள். நகையை வெள்ளைத் துணியில் வைத்து, வெளிச்சத்தில் மெல்ல அசையுங்கள். ஆடும் கல் லேசாகக் கிலுகிலுக்கும். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் மெல்லிய நூலிழையை ஓட்டிப் பாருங்கள். தூக்கிக்கொண்டிருக்கும் கொக்கியில் நூல் மாட்டும். புடவைச் சரிகை மாட்டி, கல் பிடுங்கிக்கொண்டு போவதும் அந்த இடத்தில்தான். திருகாணி முழுசாக இறுகுகிறதா, பின்பக்க முலாம் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே விழுந்த கல்லின் இடத்தைக் கடைக்காரர் கையாலேயே ரசீதில் குறிக்கவைத்து, அவர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். திருப்பித் தரும்போதும் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை நகராதீர்கள்.

அப்புறம், "வழக்கமான தேய்மானம்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். முலாம் மங்குவது தேய்மானமா, சேதமா? சென்ட், ஹேர் ஸ்ப்ரே பட்டு மங்கினால் பெரும்பாலும் சேதம் என்றே கணக்கு வைப்பார்கள். அவை காய்ந்த பிறகு நகையைப் போடுங்கள்.

"எங்கள் நகைக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்கிறார்கள். போதுமா?

அந்த பாலிசி யாரைக் காக்கிறது என்று கேளுங்கள். கடைக்கு ஈடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையை உங்களிடமே கேட்டு வரலாம். வாடகைக்கு எடுப்பவர் மீது வசூல் கிடையாது என்று எழுத்தில் இருந்தால்தான் உங்களுக்குப் பயன். வீட்டுக்கு எடுத்த பாலிசியில் பொதுவாக உங்கள் சொந்தப் பொருளுக்குத்தான் காப்பு. இரவல், வாடகைப் பொருளைச் சேர்க்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

தனியாகக் காப்பீடு எடுத்தால் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, இழப்பில் முதல் எவ்வளவு உங்கள் தலையில் விழும் என்பது. ஒரு கல் விழுந்ததற்கான செலவு அதற்குள்ளேயே அடங்கிவிட்டால் காப்பீட்டால் ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று, "எப்படிப் போனது என்று தெரியாத" இழப்பு. பல பாலிசிகள் திருட்டுக்குக் கொடுக்கும். கூட்டத்தில் எங்கோ கழன்று விழுந்ததற்குக் கொடுக்காது. கல்யாணத்தில் நகை தொலைவது அதிகமும் இப்படித்தான். இந்த இழப்பைச் சேர்க்காத காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதைவிட, குறைந்த மதிப்புள்ள செட்டை எடுப்பது மேல்.